வேலை பாதியில் இருக்கும்போது புது மாடலுக்கு மாறினால் கூட வருவது எது, வராதது எது: கேள்வி பதில்

சேலம், ஆத்தூர், ஏற்காடு பக்கத்துச் சின்ன நிறுவனங்களுக்கு மொழி மாடல்களை வைத்துச் சீட்டுகளையும் பதிவேடுகளையும் படித்து அட்டவணையாக்கித் தருகிறோம். வேலை நடுவில் இருக்கும்போதே மாடலின் அடுத்த பதிப்பு வந்துவிடுவதும், பழையதை நிறுத்தும் தேதி அறிவிக்கப்படுவதும் இப்போது சாதாரணம். அப்போது வாடிக்கையாளர்களும், இதே வேலை செய்யும் நண்பர்களும் கேட்கிற கேள்விகள் இவை. எடுத்துக்காட்டுக்கு இரண்டே வேலைகளை வைத்துக்கொள்கிறேன்: ஆத்தூர் பக்கத்து ஒரு சேகோ ஆலையின் மரவள்ளிக் கிழங்குக் கொள்முதல் சீட்டுகள், ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டின் பழைய டைரிகள். எண்களெல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை.

பிராம்ப்ட் அப்படியேதான் இருக்கு. மாடல் பேரை மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. எழுத்து கூட வரும், நடத்தை வராது. பழைய மாடலோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டி எழுதிய பிராம்ப்ட்டில், அதாவது மாடலுக்குக் கொடுக்கும் கட்டளையில், நீங்கள் எழுதியது பாதிதான். மீதியைப் பழைய மாடல் தன் பழக்கத்தால் இட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கும். அந்த மீதி எங்கேயும் எழுதப்படவில்லை என்பதே மாற்றும்போதுதான் தெரியவரும்.

சேகோ ஆலைச் சீட்டை எடுத்துக்கொள்வோம். எடைமேடைக்காரர் போனில் அனுப்பும் வரி இப்படி இருக்கும்: "ராசு வண்டி 9 டன் 340, பாயிண்ட் 27, கழிவு 2". பிராம்ப்ட்டில், எடையைக் கிலோவில் எழுது, மாவுச்சத்துப் பாயிண்ட்டைத் தனியாக எழுது, கழிவையும் அதன் அலகையும் எழுது, சீட்டில் தெளிவாக இல்லாததை `null` என்று விடு என்று சொல்லியிருக்கிறோம். பழைய மாடல் தந்தது இது:

```json
{"kg": 9340, "points": 27, "waste": 2, "waste_unit": "percent"}
```

சீட்டில் சதவீதம் என்று எங்கே இருக்கிறது? இல்லை. கழிவு இரண்டு கிலோவா, இரண்டு மூட்டையா, இரண்டு சதவீதமா என்று அந்த வரி சொல்லவே இல்லை. பழைய மாடல் ஊகித்தது. அந்த ஆலையில் கழிவை எப்போதும் சதவீதத்தில்தான் பிடிப்பார்கள் என்பதால் ஊகம் சரியாகவே அமைந்தது. "தெளிவாக இல்லாததை விடு" என்ற விதியை அது மீறிக்கொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை, கவனிக்கத் தேவையும் வரவில்லை.

புது மாடல் அதே பிராம்ப்ட்டைப் படித்து விதியை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடிக்கிறது:

```json
{"kg": 9340, "points": 27, "waste": 2, "waste_unit": null}
```

நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறது. ஆனால் அடுத்த படியில் கணக்குப் போடும் நிரல், அலகு `percent` என்று இருந்தால் மட்டும் கழிவைக் கழிக்கிறது. இல்லையென்றால் பேசாமல் விட்டுவிடுகிறது. 9,340 கிலோவில் இரண்டு சதவீதம் கிட்டத்தட்ட 187 கிலோ. டன்னுக்குப் பாயிண்ட் ஒன்றுக்கு 400 ரூபாய் என்று வைத்தால், 27 பாயிண்ட்டுக்கு டன் விலை 10,800. அந்த ஒரு வண்டிக்கே சுமார் 2,000 ரூபாய் கூடப் போகும். எங்கும் பிழைச்செய்தி வராது, திரையில் சிவப்பு எதுவும் தெரியாது. மாதக் கடைசியில் கணக்குப்பிள்ளை கேட்கும்போதுதான் தெரியும்.

புதிய மாடல்கள் இப்படிச் சொல்லுக்குச் சொல் போவது தற்செயல் இல்லை. 2025 ஏப்ரலில் ஜிபிடி-4.1 வந்தபோது, இது முந்தையவற்றைவிடக் கட்டளைகளை நேர்ப்பொருளில் கடைப்பிடிக்கும், பழைய பிராம்ப்ட்டுகளைத் திருத்த வேண்டியிருக்கும் என்று ஓப்பன் ஏஐ நிறுவனமே தன் வழிகாட்டியில் எழுதியிருந்தது. எல்லா மாடலும் அதே திசையில்தான் மாறும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எதிர்ப்பக்கமாக, பழையது விட்டுவைத்த இடத்தைப் புதியது துணிந்து நிரப்புவதும் உண்டு. எந்தப் பக்கம் மாறியது என்பதை அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

இங்கே திருத்தம் ஒரே வரிதான்: "இந்த ஆலையில் கழிவு எப்போதும் சதவீதம், வேறு அலகு எழுதியிருந்தால் மட்டும் அதை எடு." ஆலைக்காரர் தலையில் இருந்ததை எழுத்தில் கொண்டுவந்தாகிவிட்டது. இந்த வரி அடுத்த பதிப்புக்கும், அதற்கடுத்ததுக்கும் கூட வரும். நிரலிலும் ஒரு திருத்தம் வேண்டும்: அலகு இல்லாத சீட்டைப் பேசாமல் தாண்டாமல், ஆள் பார்க்கும் பட்டியலில் போட வேண்டும்.

பழசு தப்பு பண்ணக் கூடாதுன்னு பிராம்ப்ட்ல நிறைய வரி சேர்த்து வச்சிருக்கோம். அதெல்லாம் அப்படியே இருக்கட்டுமா?

ஒவ்வொன்றையும் சந்தேகத்தோடு பாருங்கள். உங்கள் தொழிலைச் சொல்லும் வரிகள் இருக்கட்டும். பழைய மாடலின் குறையை ஒட்டுப்போட்ட வரிகள்தான் தொந்தரவு. "டன்னைக் கிலோவாக மாற்றியதை மீண்டும் ஒருமுறை சரிபார்த்து எழுது" என்று ஒரு வரி இருக்கும். பழையது அதைப் படித்துவிட்டு எண்ணை மட்டும் தரும். புதியது "9 × 1000 + 340 = 9340, சரி" என்று முதலில் எழுதிவிட்டு அதன் கீழே, மேலே காட்டிய ஜேசன் வடிவ விடையைத் தரலாம். எழுதச் சொன்னது நீங்கள்தானே! முதல் எழுத்தே `{` ஆக இருக்கும் என்று நம்பிய நிரல் அங்கே உடைந்துபோகும். இதில் ஒரு நல்லது, உடைவது கண்ணுக்குத் தெரியும்.

எது தொழில் வரி, எது ஒட்டு என்று பிரிக்க ஒரு வழி உண்டு. அந்த வரியைப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு குமாஸ்தாவிடம் சொல்வீர்களா என்று பாருங்கள். "கழிவு சதவீதம்" என்று சொல்வீர்கள். "ஜேசன் மட்டும், ஜேசன் மட்டும், வேறெதுவும் கூடாது" என்று மூன்று தடவை கத்த மாட்டீர்கள். கத்தும் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அடுத்த பதிலில் சொல்லும் சோதனையை ஓட்டுங்கள். மொத்தமாக எடுத்தால் எது தேவைப்பட்டது என்று தெரியாமல் போகும்.

புதுசு ஒழுங்கா பண்ணுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? எல்லாச் சீட்டையும் கையால பார்க்க எங்ககிட்ட ஆள் இல்லை.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். 200 சீட்டு போதும், ஆனால் அந்த 200-ஐயும் சரியான விடை தெரிந்த ஆள் கையால் பார்த்து முடித்திருக்க வேண்டும். மாடல் தந்ததைப் பார்த்து "சரிதான்" என்று தலையாட்டுவது கணக்கில் சேராது. மூலச் சீட்டை வைத்து விடையைத் தனியே எழுத வேண்டும். 200-ஐயும் ஒரே வாரத்தில் இருந்து எடுக்காதீர்கள். பாயிண்ட் எழுதாத சீட்டு, எடையைத் திருத்தி எழுதிய சீட்டு, இரண்டு வண்டியை ஒரே வரியில் எழுதிய சீட்டு, "9.34" என்று டன்னில் எழுதிய சீட்டு, எல்லாம் கலந்திருக்கட்டும். எத்தனை மாடல் மாறினாலும் கூட வருகிற முதல் சொத்து இந்த 200 விடைதான். பிராம்ப்ட்டைவிட இதற்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

புதியதை ஓட்டுவதற்கு முன்னால், பழைய மாடலையே அதே 200 சீட்டில் இரண்டு தடவை ஓட்டி ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பதில் தடவைக்குத் தடவை எவ்வளவு மாறலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் `temperature` அளவை 0 என்று வைத்தாலும் இரண்டு ஓட்டமும் ஒன்றாகவே இருக்கும் என்று உறுதி கிடையாது. பழையது தன்னோடு தானே ஐந்து சீட்டில் மாறுபடுகிறது என்றால், புதியதோடு ஆறு சீட்டில் மாறுபடுவதை ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. முப்பது சீட்டில் மாறினால் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காதீர்கள். எடை, பாயிண்ட், கழிவு என்று புலம் புலமாகப் பாருங்கள். பழையது 200-ல் 188 சரி, புதியது 192 சரி என்றால் புதியது மேல் என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால், பழையது தவறவிட்ட 12-ல் பத்தைப் புதியது பிடித்திருக்கலாம், பழையது சரியாகச் செய்த ஆறைப் புதிதாகக் கெடுத்திருக்கலாம். அந்த ஆறும் எடைப் புலத்தில் இருந்தால், ஓட்டுநர் பெயரில் வந்த பத்துத் திருத்தம் அதற்கு ஈடாகாது. பணம் எடையில்தான் இருக்கிறது. புதிதாகக் கெட்ட சீட்டுகளைத் தனியாக அச்செடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று காரணத்துக்குள் அடங்கிவிடும்.

மாறிய பிறகும் ஒரு கண் வேண்டும். ஒவ்வொரு புலத்திலும் நூறு சீட்டுக்கு எத்தனை `null` வருகிறது என்று தினமும் எண்ணி வையுங்கள். கழிவு அலகில் இரண்டு மூன்று இருந்தது திடீரென்று நாற்பதாகிறது என்றால், முதல் பதிலில் சொன்ன சிக்கல் அதே நாளில் பிடிபட்டிருக்கும்.

பத்தாயிரம் சீட்டுல ஆறாயிரம் பழசுல முடிஞ்சுது. புதுசுல மறுபடி முதல்ல இருந்து ஓட்டணுமா?

அந்த அட்டவணையை எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியாகப் பணம் தீர்க்க மட்டும் என்றால், முடிந்து சரிபார்த்த ஆறாயிரத்தைத் தொட வேண்டாம். முடிந்த பதிவு உங்கள் தரவு, அது எந்த மாடலோடும் போய்விடாது.

மாதத்துக்கு மாதம் ஒப்பிடப் போகிறீர்கள் என்றால் கதை வேறு. கழிவு ஜனவரியிலிருந்து குறைந்துவிட்டது, விவசாயிகள் மண்ணைத் தட்டிக் கொண்டுவர ஆரம்பித்துவிட்டார்கள் என்று ஆலைக்காரர் சந்தோஷப்படுவார். உண்மையில் ஜனவரியில் மாறியது மாடலாக இருக்கும். வரைபடத்தில் ஒரு படிக்கட்டு தெரிந்து, அது மாற்றிய தேதியிலேயே நின்றால் முதலில் மாடலைத்தான் சந்தேகப்பட வேண்டும். அங்கே ஆறாயிரத்தையும் திரும்ப ஓட்டுவது நல்லது. ஒரே புலத்தில்தான் வித்தியாசம் என்று 200 சீட்டுச் சோதனை காட்டினால் அந்தப் புலத்தை மட்டும் திரும்ப எடுத்தால் போதும்.

எப்படியானாலும் ஒவ்வொரு பதிவிலும் மாடலின் முழுப்பெயர், பிராம்ப்ட் பதிப்பு எண் என்று இரண்டு பத்திகள் இருக்க வேண்டும். பழைய பதிவை மேலெழுதாமல் புதியதைப் பக்கத்தில் சேருங்கள். இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது.

நாங்க ஒண்ணுமே மாத்தலை சார். ஆனா போன வாரத்துல இருந்து வேற மாதிரி வருது.

நிரலில் மாடல் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். `gpt-4o` என்பது பொதுப்பெயர். அது எந்தப் பதிப்பைக் குறிக்கிறது என்பதை நிறுவனம் மாற்றிக்கொள்ளலாம். `gpt-4o-2024-08-06` என்று தேதியோடு எழுதினால் அந்த ஒரு பதிப்பிலேயே நிற்கும். வேலை ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் தேதியுள்ள பெயரைத்தான் எழுத வேண்டும். திரும்பி வரும் பதிலில் `model` என்ற புலம் இருக்கும், உண்மையில் எது வேலை செய்தது என்று அதில் தெரியும். மேலே சொன்ன அட்டவணையின் மாடல் பெயர்ப் பத்தியில் நீங்கள் அனுப்பிய பெயரைப் போடாமல் இந்தப் பெயரைப் பதியுங்கள்.

எஸ்டேட் டைரியில தேடுறதுக்கு எல்லாத்தையும் வெக்டராக்கி வச்சிருக்கோம். பதில் சொல்ற மாடலை மாத்தினா அதையும் மாத்தணுமா?

வேண்டாம். எழுத்தை வெக்டராக, அதாவது எண்களின் வரிசையாக மாற்றித் தேடிக் கொடுப்பது ஒரு மாடல், எடுத்துக் கொடுத்த பக்கங்களைப் படித்துப் பதில் எழுதுவது இன்னொரு மாடல். பதில் எழுதுவதை மாற்றினால் வெக்டர்கள் அப்படியே இருக்கும். தேடும் மாடலை, அதாவது எம்பெடிங் மாடலை மாற்றினால் மட்டும் ஒரு வெக்டர்கூடக் கூட வராது. அத்தனையையும் புதிதாகப் போட வேண்டும்.

ஏனென்றால், அந்த எண்கள் அந்த மாடலுக்குள் மட்டுமே அர்த்தமுள்ளவை. சேலம் ஐந்து ரோட்டிலிருந்து தூரம் அளந்த பட்டியலையும் ஏற்காடு ஏரியிலிருந்து அளந்த பட்டியலையும் ஒன்றாகக் கலந்துவிட்டு எந்த ஊர் எதற்குப் பக்கம் என்று கேட்பது போன்றது இது. இரண்டிலும் கிலோமீட்டர்தான், ஆனால் ஒப்பிட்டால் வருவது குப்பை.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஓப்பன் ஏஐயின் பழைய `text-embedding-ada-002` தரும் வெக்டரின் நீளம் 1536. 2024 ஜனவரியில் வந்த `text-embedding-3-small` தருவதும் வழக்கமாக 1536. நீளம் வேறாக இருந்தால் தரவுத்தளம் முதல் கேள்வியிலேயே மறுத்துவிடும், உங்களுக்கும் தெரிந்துவிடும். நீளம் ஒன்றாக இருப்பதால் அது வாயைத் திறக்காமல் வாங்கிக்கொள்ளும். தேடல் நிற்காது, ஏதோ ஐந்து பக்கங்களை எடுத்துத் தந்துகொண்டேயிருக்கும். பதில் எழுதும் மாடல் அந்தச் சம்பந்தமில்லாத பக்கங்களை வைத்துச் சமாளித்து எழுதும். குறை பதில் எழுதும் மாடலில் இருப்பதாகத் தோன்றும்.

டைரியில் இது எப்படித் தெரியும் என்றால்: "இலைத்துருவுக்கு எப்போது மருந்து அடித்தோம்?" என்று கேட்கிறீர்கள். டைரியில் ரைட்டர் "சில்வர் ஓக் மேட்டில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கி அடித்தது, ஆள் ஆறு" என்று எழுதியிருப்பார். இலைத்துரு என்ற சொல்லே அதில் இல்லை. இலைத்துருவுக்கு அடிக்கும் அந்தக் கலவையின் பெயரான போர்டோ கலவை என்றும் இல்லை. நல்ல வெக்டர் தேடலின் வேலையே உங்கள் கேள்வியையும் இந்த வரியையும் சேர்த்துவைப்பதுதான். கலப்படமான வெக்டர் கிடங்கில் இந்தப் பக்கம் வராது, மிளகுப் பறிப்புக் கூலிப் பக்கமோ மழை அளவுப் பக்கமோ வரும்.

மாற்றும் முறை கடினமில்லை. பழைய கிடங்கைத் தொடாமல் பக்கத்தில் புதுக் கிடங்கு ஒன்றைத் தொடங்கி எல்லாப் பக்கங்களையும் அதில் ஏற்றுங்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பக்கம் சரியான விடை என்று உங்களுக்கே தெரிந்த முப்பது கேள்விகளை இரண்டிலும் கேளுங்கள். சரியான பக்கம் முதல் ஐந்தில் வருகிறதா என்று மட்டும் குறியுங்கள். புதியது தேறியதும், கேள்வியை வெக்டராக்கும் இடத்தையும் கிடங்கையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள். பாதிப் பக்கம் இன்று, மீதி நாளை என்று ஒரே கிடங்கில் செய்யக் கூடாது.

வெட்டுமதிப்பும் கூட வராது. கேள்விக்கும் பக்கத்துக்கும் உள்ள நெருக்கம் 0.8-க்குக் கீழே இருந்தால் "டைரியில் இல்லை" என்று சொல்லும்படி வைத்திருப்பீர்கள். ada-002-ல் சம்பந்தமில்லாத வரிகளுக்கே நெருக்க எண் உயரமாக வரும், அதனால் வெட்டும் உயரத்தில் இருந்தது. புதியதில் எண்கள் பொதுவாகத் தாழ்ந்திருக்கும். 0.8-ஐ அப்படியே விட்டால் கிட்டத்தட்ட எல்லாக் கேள்விக்கும் "டைரியில் இல்லை" என்றே வரும். அதே முப்பது கேள்விகளோடு, டைரியில் விடையே இல்லாத பத்துக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்டு, இரண்டு கூட்டமும் எங்கே பிரிகிறது என்று பார்த்து வெட்டைப் புதிதாக வையுங்கள்.

இன்னொன்று. டைரியின் எழுத்து வடிவம் பத்திரமாக இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். இடம் மிச்சம் என்று எழுத்தை அழித்துவிட்டு வெக்டரை மட்டும் வைத்திருந்தால், திரும்ப ஸ்கேன் செய்வதிலிருந்து தொடங்க வேண்டும்.

செலவு, நீளம் இதெல்லாம் பழைய கணக்கே போதுமா?

தமிழில் வேலை செய்பவர்கள் இதைக் கட்டாயம் திரும்பப் பார்க்க வேண்டும். மாடல் எழுத்தைத் துண்டு துண்டாக, அதாவது டோக்கனாகத்தான் படிக்கிறது. துண்டு போடும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறலாம். 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது, ஒரே தமிழ் வாசகம் பழைய முறையில் 116 டோக்கன், புதிய முறையில் 35 டோக்கன் என்று ஓப்பன் ஏஐ காட்டியது. மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வந்துவிட்டது. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு இவ்வளவு வித்தியாசம் தெரியாது.

சந்தோஷமான செய்திதான், ஆனால் டைரியை "500 டோக்கனுக்கு ஒரு துண்டு" என்று வெட்டியிருந்தால், அதே எண் இப்போது மூன்று மடங்கு எழுத்தை அள்ளும். ஒரு நாள் குறிப்புக்கு ஒரு துண்டாக இருந்தது மூன்று நாள் குறிப்பாகிவிடும், தேடல் மங்கும். டைரியை டோக்கனில் வெட்டாமல் தேதிக்குத் தேதி வெட்டுங்கள், எந்தப் பதிப்புக்கும் அது செல்லும். மற்ற இடங்களில் எண்ணிப் பாருங்கள்:

```python
import tiktoken
for n in ("cl100k_base", "o200k_base"):
    print(n, len(tiktoken.get_encoding(n).encode(text)))
```

`text` என்ற இடத்தில் உங்கள் சீட்டையோ டைரிப் பக்கத்தையோ கொடுங்கள். ஒவ்வொரு புதுப் பதிப்பிலும் டோக்கன் குறையும் என்று நம்பிவிடாதீர்கள், கூடுவதும் நடக்கும். விலைப்பட்டியலில் ஒரு டோக்கனின் விலை அப்படியே இருந்தாலும் ஒரு சீட்டின் விலை மாறியிருக்கும். சீட்டுக்கு எவ்வளவு என்றே கணக்கு வையுங்கள்.

அண்ணா, சாட்ல பேசிட்டே இருக்கும்போது பாதியில மாடலை மாத்தினா இதுவரை சொன்னதெல்லாம் மறந்துடுமா?

மறக்காது. ஏனென்றால் பழையதும் எதையும் நினைவில் வைத்திருக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் உரையாடல் முழுவதும் எழுத்தாக மறுபடி அனுப்பப்படுகிறது. மாடலை மாற்றினாலும் அதே எழுத்துதான் போகும். புதியது அதைப் படிக்கும்போது பழையது சொன்ன பதில்களைத் தானே சொன்னதாக எடுத்துக்கொள்ளும். இங்கேதான் கவனம் வேண்டும்: பழையது "பாயிண்ட் என்றால் நூறு கிலோவுக்கு விலை" என்று தப்பாகச் சொல்லி நீங்கள் திருத்தாமல் விட்டிருந்தால், புதியது அதையே பிடித்துக்கொண்டு மேலே போகும். பதிலின் நீளம், நடைகூடப் பழையதைப் போலவே தொடரும். புது மாடல் பழசு மாதிரியேதான் இருக்கிறது என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

கூட வராதது, பழையது எழுதாமல் உள்ளுக்குள் யோசித்தது. இரண்டு முறையில் ஒன்றை ஏன் தேர்ந்தெடுத்தது என்று பதிலில் எழுதியிருந்தால் வரும், எழுதவில்லை என்றால் முடிவு மட்டும்தான் வரும். நீண்ட வேலையென்றால், முடிவான விஷயங்களையும் அவற்றின் காரணங்களையும் நீங்களே ஒரு பக்கத்தில் எழுதி, அதை வைத்துப் புது உரையாடலைத் தொடங்குவதைத்தான் நான் சொல்வேன். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் முடிவாகாத விஷயமும் அதில் கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

எங்க சீட்டை வச்சுத் தனியாப் பயிற்சி கொடுத்த மாடல் இருக்கு. அந்தப் பயிற்சி புதுசுக்குப் போகுமா?

போகாது. பயிற்சி அந்தப் பழைய மாடலுக்குள் இருக்கும் எண்களின் மேல் நடந்தது, வேறு மாடலில் பொருந்தாது. பயிற்சிக்குக் கொடுத்த சீட்டு, விடை ஜோடிகள் கூட வரும். புதியதற்கு மறுபடி பயிற்சி கொடுப்பதற்கு முன்னால், பயிற்சியே இல்லாமல் நல்ல பிராம்ப்ட்டும் நாலைந்து எடுத்துக்காட்டும் வைத்து அந்த 200 சீட்டை ஓட்டிப் பாருங்கள். பல சமயம் அதுவே போதும், செலவு மிச்சம். அந்த 200-ல் ஒன்றுகூடப் பயிற்சி ஜோடிகளுக்குள் இருக்கக் கூடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

செட்டிங்ஸ் எல்லாம்?

சில இருக்கும், சில மறுக்கப்படும். `temperature`-ஐ மாற்றவே விடாத மாடல்கள் உண்டு. ஓப்பன் ஏஐயின் யோசித்துப் பதில் சொல்லும் மாடல்கள் பதிலின் நீளத்துக்கு வரம்பு வைக்கும் `max_tokens`-ஐ ஏற்காமல் `max_completion_tokens`-ஐக் கேட்கும், அந்த அளவுக்குள் யோசிக்கும் டோக்கனும் அடங்கும். பழைய எண்ணை அப்படியே போட்டால் யோசிப்பதிலேயே தீர்ந்து பதில் வெறுமையாக வரலாம். பிழைச்செய்தி வந்தால் நல்லது, வெறும் பதிலை `null` என்று எழுதிவைக்கும் நிரல்தான் ஆபத்து.

எல்லாம் சரி, ஆனா பழைய மாடலையே நிறுத்திட்டாங்க. இப்ப எதை வச்சு ஒப்பிடுறது?

பழையது தந்த விடைகள் உங்கள் அட்டவணையில் இருக்கின்றன. அவற்றில் பணம் பட்டுவாடாவாகி, தகராறு இல்லாமல் தீர்ந்த சீட்டுகளிலிருந்து 200-ஐப் பொறுக்குங்கள். ஆலைக்காரரையும் விவசாயியையும் தாண்டி வந்த எண்கள் அவை. இருந்தாலும் மூலச் சீட்டோடு ஒரு தடவை ஒப்பிட்டுவிட்டு எடுங்கள், இரண்டு பக்கமும் கவனிக்காத தவறும் இருக்கும். ஆலையில் திருத்திய சீட்டுகள் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழையது எங்கே சறுக்கியது என்று அவைதான் சொல்லும், புதியது அதே இடத்தில் சறுக்குகிறதா என்று உடனே பார்த்துவிடலாம். இனி வரும் மாடலுக்கு, நிறுத்தும் தேதிக்கு முன்பே அந்த 200 சீட்டை இரண்டு தடவை ஓட்டி விடைகளைக் கோப்பாக எடுத்து வைத்துவிடுங்கள். கிழங்கு வரத்து உச்சத்தில் இருக்கும் மாதத்தில் அந்தத் தேதி விழுந்தால், வரத்து குறைவாக இருக்கும்போதே முன்கூட்டி மாறிவிடுங்கள்.